'கேஸ்' மாத்திரைக்கு அடங்காத வலி

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பசங்க சேர்ந்து தங்கியிருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மருந்து டப்பா இருக்கும். ஊரிலிருந்து வரும்போது அம்மா கட்டிக்கொடுத்த காய்ச்சல் மாத்திரை, தைலம், கூடவே 'கேஸ்' மாத்திரை ரெண்டு அட்டை. வயிற்றில் என்ன வலி வந்தாலும் முதலில் கை போவது அந்த அட்டைக்குத்தான். "நைட்டு கொஞ்சம் ஓவரா போச்சு, காரமும் ஜாஸ்தி, கேஸ் ஃபார்ம் ஆயிடுச்சு, தூங்கினா சரியாயிடும்" என்று நாமே நோயைக் கண்டுபிடித்து, நாமே மருந்து கொடுத்து, நாமே தூங்கச் சொல்லிவிடுவோம்.

பத்தில் எட்டு தடவை அது கேஸாகவோ அல்சராகவோ இருக்கலாம். நான் இங்கே எழுத வந்தது மீதி தடவையைப் பற்றி. வருடக்கணக்கில் தினமும் குடிக்கிற ஒருவருக்கு மேல் வயிற்றில், விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே, கடுமையான வலி வந்து அது மணிக்கணக்கில் குறையாமல் நின்றால், அதைத் தூங்கிச் சரிசெய்ய முடியாது. அது கணைய அழற்சியாக இருக்கலாம். டாக்டர்கள் பான்கிரியாடைட்டிஸ் என்பார்கள். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுகிறவன். சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தேன். அங்கே டாக்டர்களிடம் கேட்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணையம் என்ன செய்கிறது?

கல்லீரலைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். குடித்தால் லிவர் போகும் என்று சினிமாவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. கணையம் அந்த அளவுக்குப் பிரபலம் இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு சுரப்பி அது. சுமார் 15 செ.மீ. நீளம், நூறு கிராமுக்குள் எடை. இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, நாம் சாப்பிடும் புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் உடைக்கும் நொதிகளைத் தயாரித்து, ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்துக்கு அனுப்புவது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டுக்கறியைக் கரைக்கும் நொதிக்கு நம் சதையும் கறிதான். அப்படியென்றால் அதைத் தயாரிக்கும் கணையம் ஏன் கரைந்துபோவதில்லை? உடம்பு அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. இந்த நொதிகளைக் கணையம் பூட்டிய நிலையில்தான் தயாரிக்கிறது. முக்கியமான நொதியான டிரிப்சின், கணையத்துக்குள் இருக்கும்வரை டிரிப்சினோஜன் என்ற செயல்படாத வடிவத்தில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி கணையத்தில் இல்லை, சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. குடலுக்குள் போய் விழுந்த பிறகுதான் பூட்டு திறக்கும். திறந்த டிரிப்சின் மற்ற நொதிகளையும் வரிசையாகத் திறந்துவிடும்.

கணைய அழற்சி என்பது இந்தப் பூட்டு தவறான இடத்தில், அதாவது கணையத்தின் செல்லுக்குள்ளேயே, திறந்துகொள்வது. கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கிறது. ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் 1896-லேயே இந்தக் கருத்தை முன்வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை விளக்கம் அதுவாகத்தான் இருக்கிறது.

மது இதை எப்படிச் செய்கிறது? நாம் குடிக்கும் ஆல்கஹாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைக்கிறது. கணைய செல்களும் கொஞ்சம் உடைக்கின்றன. அப்போது ஆல்கஹால் அங்கே இருக்கும் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து சில நச்சுப் பொருட்களை உண்டாக்குகிறது. இவை செல்லுக்குள் கால்சியம் அளவை ஏற்றிவிடுகின்றன. சாதாரணமாகக் கால்சியம் கொஞ்சம் ஏறினால் 'நொதியை வெளியே அனுப்பு' என்று அர்த்தம். ஏறி, இறங்காமல் அப்படியே நின்றால், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா படுத்துவிடும். சக்தி இல்லாத செல்லால் நொதியை வெளியே தள்ளவும் முடியாது, உள்ளே திறந்துகொண்டதை அடக்கவும் முடியாது. இதோடு, பல வருடக் குடியில் கணையச் சாறு கெட்டியாகி, சின்னச் சின்னக் குழாய்களில் புரதக் கட்டியாக அடைத்துக்கொள்கிறது. சாக்கடை அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புவது மாதிரிதான்.

ஆக, முதல் வலி வரும் நாளில் நோய் தொடங்குவதில்லை. வருடக்கணக்காக உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது அன்றைக்கு வெளியே தெரிகிறது. பழக்கமே இல்லாத ஒருவர் ஒரு பார்ட்டியில் அளவு மீறிக் குடித்து, அதனாலேயே கணைய அழற்சி வருவது அபூர்வம். தினமும் குடித்துப் பழகியவர் ஒரு வார இறுதியில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்போது வருவதுதான் வழக்கமான கதை.

எவ்வளவு குடித்தால்?

இந்தக் கேள்விக்கு 'பெக்' கணக்கில் பதில் சொல்ல முடியாது, கிராம் கணக்கில்தான் சொல்ல வேண்டும். கணக்கு எளிது. 60 மில்லி விஸ்கியில் 40 சதவீதம் ஆல்கஹால் என்றால் 24 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு என்பதால் 0.79-ஆல் பெருக்கினால் சுமார் 19 கிராம். இங்கே கடையில் விற்கும் அரை லிட்டர் பியர் பாட்டில் 5 சதவீதம் என்றால் அதுவும் கிட்டத்தட்ட 20 கிராம். அதாவது ஒரு பியர் பாட்டிலும் ஒரு லார்ஜ் விஸ்கியும் ஒன்றுதான். "நான் பியர் மட்டும்தான்" என்பதில் கணையத்துக்கு எந்த ஆறுதலும் இல்லை.

மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை, தினமும் 50 கிராமுக்கு மேல், ஐந்து வருடத்துக்கு மேல். அதாவது தினமும் மூன்று லார்ஜ். ஊர்க் கணக்கில் ஒரு குவார்ட்டர். நம்மில் பலர் இதைக் 'கன்ட்ரோலா குடிக்கிறது' என்று சொல்லிக்கொள்கிறோம். வேலை முடிந்து ஒன்பது மணிக்கு ஒரு சீரிஸ் போட்டுவிட்டு மூன்று லார்ஜ், பதினொரு மணிக்குத் தூக்கம், காலையில் மீட்டிங்கில் ஆள் கரெக்டாக இருப்பார். தள்ளாட்டம் கிடையாது, சண்டை கிடையாது. குடிகாரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணையம் பார்ப்பது நடத்தையை இல்லை, அளவைத்தான்.

அப்படிக் குடிக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை என்பதும் உண்மை. நூறு பேரில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே வருகிறது என்றுதான் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மரபணு, சிகரெட், ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு போன்றவை யாருக்கு வரும் என்பதில் பங்கு வகிக்கின்றன. இதில் சிகரெட் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும், மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். இந்த 'நூறில் ஐந்து' கணக்கை நம்மவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், "என் கூட இருக்கிறவன் எனக்கு மேலே குடிக்கிறான், அவனுக்கே ஒண்ணும் ஆகல" என்று. பக்கத்தில் இருப்பவருடைய கணையத்தை வைத்து நம் கணையத்தைக் கணிக்க முடியாது.

இன்னொரு தப்பான ஆறுதல், வருடத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போகும்போது எடுக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப். "லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் நார்மல்பா" என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். அந்த டெஸ்ட் கல்லீரலைப் பற்றியது. கணையத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கணையத்துக்கான லைபேஸ் டெஸ்ட் அந்த பேக்கேஜில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், வலி இல்லாத நாளில் எடுத்தால் அது நார்மலாகவே வரும். முதல் தாக்குதலுக்கு முன்னால் மணியடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால்தான் வலி வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்வது இவ்வளவு முக்கியமாகிறது.

ஒரு திங்கட்கிழமை அதிகாலை

நான் சொன்ன நண்பருக்கு வயது 36. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏழு வருடமாக வார நாட்களில் மூன்று லார்ஜ், வெள்ளி, சனி என்றால் அரை பாட்டில். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். அந்தச் சனிக்கிழமை ஒருவருடைய பிறந்த நாள், அரை பாட்டிலும் தாண்டிப் போனது. ஞாயிறு காலையில் வழக்கமான ஹேங்ஓவர். வலி ஆரம்பித்தது ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, குடித்து முடித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு.

இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மதுவால் வரும் கணைய வலி குடிக்கும்போதே வர வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து, சில சமயம் குடியை நிறுத்திய பிறகுதான் வரும். அதனாலேயே "நேத்து குடிச்சதுக்கு இன்னைக்கு மத்தியானமா வலிக்கும்? இது சாப்பாடு ஒத்துக்கல" என்று தோன்றிவிடுகிறது.

முதலில் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு அழுத்தம். ஒரு மணி நேரத்தில் அது நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போவது மாதிரி ஆனது. ரூம் மேட் சோடாவும் கேஸ் மாத்திரையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவசரத்துக்குத் திறந்திருந்த மருந்துக்கடையைத் தேடிப்போய் அமிலம் குறைக்கும் மாத்திரையும் வாங்கி வந்தார். மாலையில் வாந்தி. கேஸாக இருந்தால் வாந்தி எடுத்தால் கொஞ்சம் லேசாகும். இங்கே வாந்தி எடுத்தும் வலி ஒரு பிடி குறையவில்லை. மல்லாக்கப் படுத்தால் உயிர் போனது. கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து முன்னால் குனிந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்க முடிந்தது. கணையம் முதுகெலும்பை ஒட்டி இருப்பதால் இந்த நோயின் அடையாளமே அந்த உட்காரும் விதம்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

இரவு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். 112-க்குப் போன் செய்தது அதிகாலை நான்கு மணிக்கு. வலி ஆரம்பித்துப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மணி நேரமும் எதற்காகக் காத்திருந்தார் என்று கேட்டால், அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, கேஸ்தானே என்ற நினைப்பு. இரண்டு, ஆம்புலன்ஸ் செலவு. மூன்று, ஆபீஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் முதலில் செய்தது இ.சி.ஜி.யும், இதயத்துக்கான டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும். மேல் வயிற்று வலியாக ஹார்ட் அட்டாக்கும் வரலாம், அதனால் அதை முதலில் ஒதுக்க வேண்டும். அது இல்லை என்று தெரிந்த பிறகு லைபேஸ் பார்த்தார்கள். அந்த ஆய்வகத்தில் இயல்பான உச்ச அளவு 60. இவருக்கு வந்தது 2,140.

கணைய அழற்சி என்று முடிவு செய்ய மூன்றில் இரண்டு போதும். அதற்கே உரிய வலி, லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். இவருக்கு முதல் இரண்டும் இருந்ததால் சி.டி. ஸ்கேனுக்கு அவசரப்படவில்லை. கணையத்தில் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்பது முதல் நாள் சி.டி.யில் சரியாகத் தெரியாது, மூன்று நாள் கழித்து எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும் என்றார்கள். அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தார்கள், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க. குடிக்கிறவருக்கும் கல்லால் இதே நோய் வரலாம். கல் என்றால் சிகிச்சையே வேறு. இவருக்குக் கல் இல்லை. டிரைகிளிசரைடு கூடுதலாக இருந்தாலும், தானாகவே இந்த நோயைக் கொண்டுவரும் 1,000-க்குக் கீழேதான் இருந்தது. மீதி இருந்த காரணம் மது.

2,140 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நான் பயந்துபோய், "ரொம்ப சீரியஸா?" என்று கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டினார். லைபேஸ் எண் நோய் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு மோசம் என்று சொல்லாது என்றார். ஐந்நூறு வந்தவர் ஐ.சி.யூ.வில் இருப்பார், ஐயாயிரம் வந்தவர் நாலு நாளில் வீட்டுக்குப் போவார். மோசமா இல்லையா என்பதை முடிவு செய்வது நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் மூன்றும் முதல் 48 மணி நேரத்தில் எப்படித் தாங்குகின்றன என்பதுதான். ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மீதிப் பேருக்குக் கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போகும், அல்லது மற்ற உறுப்புகளும் சேர்ந்து பாதிக்கப்படும். உறுப்புகள் இரண்டு நாளுக்கு மேலும் தேறாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணையம் வெந்துபோகும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றுக்குள்ளும் திசுக்களிலும் தேங்குகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போகும். வாந்தியால் இழப்பது தனி. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். இதற்கு முதல் நாளில் நரம்பு வழியாக நிதானமாக, அளந்து ஏற்றும் திரவம்தான் முக்கியமான சிகிச்சை. கணையத்தைச் சரிசெய்ய ஒரு மாத்திரையும் கிடையாது. திரவம், சரியான வலி மருந்து, கண்காணிப்பு, பசி வந்ததும் லேசான சாப்பாடு, இவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து வலிக்கு ஐபுப்ரோஃபென் மேல் ஐபுப்ரோஃபென் போட்டால், ஏற்கெனவே தண்ணீருக்குத் தவிக்கும் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி விழும்.

டாக்டரிடம் சொல்லாத அளவு

அட்மிஷன் போடும்போது எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்கள். நண்பர் சொன்ன பதில், "சோஷியல் டிரிங்கிங், ரெண்டு பியர்". நம் ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள். நம் ஊரில் டாக்டர் என்றால் அட்வைஸ் பண்ணுகிறவர், திட்டுகிறவர். உண்மையைச் சொன்னால் மரியாதை போய்விடும்.

அன்று மாலை அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வியர்வை, நாடித் துடிப்பு எகிறியது, வார்டில் யாரோ நிற்கிறார்கள் என்றார். கணையம் மோசமாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஒரு நர்ஸ்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், "கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் எவ்வளவு?" என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை உண்மை வந்தது. அதற்குப் பிறகுதான் மதுவை நிறுத்தியதால் வரும் பாதிப்புக்கான மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்தார்கள்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று மது நின்றால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுங்க ஆரம்பிக்கலாம். இரண்டு, மூன்று நாளில் வலிப்போ, குழப்பமோ வரலாம். அது தனியாகவே உயிரை எடுக்கக்கூடியது. ஆகவே அளவைச் சொல்வது பாவமன்னிப்பு இல்லை. அது ஒரு மருத்துவத் தகவல். பென்சிலின் அலர்ஜி இருக்கிறது என்று சொல்வதில்லையா, அதே மாதிரி. "வாரத்துக்கு இத்தனை பாட்டில், கடைசியாக இந்தத் தேதி, இந்த நேரம்" என்று சொன்னால் போதும்.

மற்ற இரண்டு பயங்களுக்கும் ஜெர்மனியைப் பொறுத்தவரை பதில் இருக்கிறது. அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து கட்டுவது ஒரு நாளைக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு 28 நாள் வரைதான். அவசரமாகத் தேவைப்பட்ட ஆம்புலன்ஸுக்கு அதிகபட்சம் 10 யூரோ. நிறுவனத்துக்குப் போகும் விடுப்புத் தகவலில் எத்தனை நாள் என்று மட்டும்தான் இருக்கும், என்ன நோய் என்று இருக்காது. மேனேஜருக்கு 'கணையம்' என்ற வார்த்தையே போய்ச் சேராது. பதினான்கு மணி நேரம் வலியில் உட்கார்ந்திருந்ததற்கு இந்த இரண்டு தகவலும் தெரியாமல் போனதும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

நண்பர் எட்டாவது நாள் வீட்டுக்கு வந்தார். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். வலி போய்விட்டது, லைபேஸ் இறங்கிவிட்டது, ஆகவே நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாதம் விரதம், பிறகு "பியர் மட்டும்", பிறகு பழைய கணக்கு.

முதல் தாக்குதல் பெரும்பாலும் ஆறிவிடக்கூடியது. திரும்பத் திரும்ப வரும்போதுதான் கணையத்தில் தழும்பு விழுந்து, அது கெட்டியாகி, சுண்ணாம்பு படிந்துபோகிறது. அந்த நிலையில் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பிசுக்காக மலத்தில் போகும், எடை குறையும், வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டோடு நொதி மாத்திரை போட வேண்டிவரும். இன்சுலின் சுரக்கும் பகுதியும் கெட்டால் சர்க்கரை நோய் வரும். சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே பேர் போன நம் குடும்பங்களில், அது பரம்பரையால் வந்ததா, கணையம் கெட்டதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பின்லாந்தின் தம்பெரே நகரில் மருத்துவர்கள் மதுவால் முதல் முறை கணைய அழற்சி வந்த 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே குடியைப் பற்றி ஆலோசனை கொடுத்தார்கள். ஒரு குழுவை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கூப்பிட்டு அதே பேச்சைப் பேசினார்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளியானது. இரண்டு வருடத்தில், ஒரே ஒரு தடவை பேசப்பட்ட குழுவில் 21 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. தொடர்ந்து கூப்பிட்டுப் பேசிய குழுவில் 8 சதவீதம் பேருக்கு. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. அரையாண்டுக்கு ஒரு முறை யாரோ ஒருவர் கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க, குடிக்கிறீங்களா?" என்று கேட்டதால் வந்த வித்தியாசம்.

எனக்கு இந்த ஆய்வு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஊரில் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் இருப்பார்கள். இங்கே வார இறுதியில் பாட்டிலோடு வருபவரும் நாம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குப் பழம் வாங்கிப் போவதும் நாம்தான். அடுத்த வாரமே "ஒரு பெக்னால என்ன ஆயிடப்போகுது" என்று கிளாஸை நீட்டுவதும் நாம்தான். கணைய அழற்சி வந்தவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. முழுக்க நிறுத்த வேண்டும், சிகரெட்டையும் சேர்த்து. ஆனால் இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, தனி அறையில் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன நடுக்கமும் வலிப்பும் அவருக்கும் வரலாம். குடும்ப டாக்டரிடம் போய்ச் சொல்லி, மேற்பார்வையில் நிறுத்துவதுதான் சரி.

ஆகவே கூட இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தினமும் குடிக்கும் ஒருவர் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், வலி முதுகுக்குப் போகிறது, வாந்தி எடுத்தும் குறையவில்லை என்றால், அடுத்த கேஸ் மாத்திரை வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டாம். "ஒரு கட்டிங் போட்டா வலி தெரியாது" என்ற வைத்தியம் வேண்டவே வேண்டாம். 112-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கடைசியில் அது வெறும் கேஸாகவே இருந்துவிட்டால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம்தான். கணையமாக இருந்தால், திரவம் ஏற வேண்டிய மணி நேரங்களை அவர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்தே இழக்கிறார். டாக்டர் அளவு கேட்கும்போது அவர் "ரெண்டு பியர்" என்று சொன்னால், வார்டுக்கு வெளியே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.